ஒரு கிலோ கோதுமை மாவில் எத்தனை சப்பாத்தி, எவ்வளவு தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் மைனியும் பாளையங்கோட்டையில் வீட்டு அடுப்படியிலேயே சப்பாத்தி போட்டு, முன்கூட்டிச் சொல்லிவைப்பவர்களுக்குக் கொடுக்கிறோம். இட்லிக்கு எத்தனை உழக்கு அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று இங்கே எந்த ஆச்சியைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார். சப்பாத்திக்கு அப்படி ஒரு கைக்கணக்கு நம் வீடுகளில் இல்லை, அதனாலோ என்னவோ சப்பாத்தி வாங்க வருகிறவர்கள் கூடவே இந்தக் கேள்விகளையும் கொண்டுவருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு கிலோ மாவுக்கு எத்தனை சப்பாத்திக்கா வரும்? சுத்தி வளைக்காம ஒரே எண்ணா சொல்லுங்க.

நாற்பது. உருண்டை 40 கிராம் இருக்க வேண்டும், தேய்க்கும்போது தொட்டுக்கொள்ளும் மாவை அந்த ஒரு கிலோவில் இருந்து எடுக்கக் கூடாது, தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதே கிலோவிலிருந்து எடுத்தால் முப்பத்தெட்டு.

அந்த நாற்பது எப்படி வந்துச்சு?

மாவை எண்ணாதீர்கள், பிசைந்த மாவை எண்ணுங்கள். மாவு 1000 கிராம், தண்ணீர் 620 மில்லி (தண்ணீருக்கு மில்லியும் கிராமும் ஒன்றுதான், அதனால் 620 கிராம்), உப்பு இரண்டு டீஸ்பூன் என்றால் 10 கிராம் சொச்சம், எண்ணெய் 20 கிராம். எல்லாம் சேர்த்து 1650 கிராம். இதில் பாத்திரத்தின் அடியிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு போவது ஒரு 15 கிராம். மீதி 1635 கிராமை 40ஆல் வகுத்தால் 40.9, அதாவது நாற்பது உருண்டையும் கடைசியில் குழந்தைக்குப் போட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு குட்டி உருண்டையும்.

40 கிராம் உருண்டையைக் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர், அதாவது ஆறேகால் அங்குல அகலத்துக்குத் தேய்த்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான கனம் வரும். வீட்டுச் சப்பாத்திக்கு இது சரியான கனம். ஏழு அங்குலத்துக்கு இழுத்தால் இன்னும் மெல்லிசாகும், சுடச்சுடச் சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் டப்பாவில் போட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறப்பவர்களுக்கு ஓரம் வறண்டுபோயிருக்கும்.

வேறு அளவு வேண்டுமானால் அந்த 1635ஐ உங்கள் உருண்டையின் எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். புல்கா மாதிரி 30 கிராமுக்கு 54 வரும். கடையில் கொடுக்கிற மாதிரி 50 கிராமுக்கு 32 வரும். 60 கிராம் போட்டால் 27தான்.

தண்ணி நிறைய விட்டுத் தளரப் பிசைஞ்சா எண்ணிக்கை கூடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, உண்மையா?

கூடும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு கிலோவுக்கு 550 மில்லி விட்டுக் கெட்டியாகப் பிசைந்தால் 40 கிராம் உருண்டை 39 வருகிறது. 650 மில்லி விட்டுத் தளரப் பிசைந்தால் 41 வரும். நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு, தப்பினால் மூன்று சப்பாத்திதான் வித்தியாசம். அதையும் முழுசாக அனுபவிக்க முடியாது, ஏனென்றால் தளர்ந்த மாவு பலகையில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று வறண்ட மாவை இன்னும் அள்ளித் தூவுவோம், அந்த மாவு தோசைக்கல்லில் கருகிச் சப்பாத்தி முழுக்கக் கறுப்புப் பொடியாக ஒட்டியிருக்கும்.

இப்போது உருண்டையைப் பாருங்கள். 45 கிராம் போட்டால் 36, 35 கிராம் போட்டால் 46. பத்துக் கிராம் வித்தியாசத்துக்குப் பத்துச் சப்பாத்தி! கையில் வைத்து உருட்டும்போது 35க்கும் 45க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எண்ணிக்கையை நிர்ணயிப்பது கை, தண்ணீர் இல்லை. தண்ணீர் சப்பாத்தியின் மெதுமையைத் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான்.

எங்க வீட்டுல நாற்பது வந்ததே இல்ல. முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டோட நின்னுபோகுது. மாவு எங்கதான் போகுது?

எங்கேயும் போகவில்லை, உங்கள் சப்பாத்திக்குள்ளேதான் இருக்கிறது.

ஒருநாள் மைனி உருட்ட உருட்ட, அவருக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். முதல் உருண்டை 41. அப்புறம் 40, 43. தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பித்தது, 47. வீட்டுக்கார அண்ணாச்சி வாசலில் வந்து நின்று வாடகை பற்றிப் பேசிவிட்டுப் போனார், அதன் பிறகு வந்தவை 51, 52. மைனியிடம் காட்டினேன், "ஏட்டி, தராசு சரியில்ல, மாத்து" என்றார். பத்து வருஷமாகச் சப்பாத்தி போடுகிற கை அது. கண் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் கை அளவில் நிற்கும், கண் திரும்பினால் கை பெரிதாகத்தான் பிடுங்கும், சின்னதாகப் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கசிவு, தொட்டுக்கொள்ளும் மாவு. பலகைக்குப் பக்கத்தில் தட்டில் கொட்டி வைப்பது பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் ஒரு கிலோ மாவின் சப்பாத்தியைத் தேய்த்து முடிக்க 50, 60 கிராம் போய்விடும், மாவு தளர்வாக இருந்தால் 100 கூட ஆகும். அதைப் பிசைவதற்கு முன்பே கிலோவிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்றால், 60 கிராமோடு அதற்குரிய தண்ணீரும் போச்சு, கிட்டத்தட்ட 100 கிராம் பிசைந்த மாவு குறைவு, அதாவது இரண்டரைச் சப்பாத்தி.

இதற்குத் தராசைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. பிசைந்த மாவை ஒவ்வொரு உருண்டையாகக் கிள்ளாதீர்கள். முழு மாவையும் இரண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக, மறுபடி இரண்டாக. எட்டுத் துண்டு வந்துவிட்டது. ஒவ்வொரு துண்டையும் பாம்பு மாதிரி நீளமாக உருட்டிக் கத்தியால் ஐந்தாக வெட்டினால் நாற்பது. இரண்டாகப் பிரிப்பதில் கண் அவ்வளவாக ஏமாறாது, ஏதாவது ஒன்று பெரிதாக இருந்தாலும் மொத்த எண்ணிக்கை மாறாது. "எலுமிச்சை அளவு" என்று சமையல் குறிப்புகளில் எழுதுகிறார்களே, அதை நம்பாதீர்கள். சந்தையில் 30 கிராமுக்கும் எலுமிச்சை இருக்கிறது, 60 கிராமுக்கும் இருக்கிறது.

இருநூறு சப்பாத்தி போடணும்னா எத்தனை கிலோ மாவு வாங்கணும்?

இதில் நாங்கள் அடிபட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டையில் ஒரு காதுகுத்து வீடு, ராத்திரி தங்குகிறவர்களுக்கு 200 சப்பாத்தி கேட்டிருந்தார்கள். கிலோவுக்கு நாற்பது, ஐந்து கிலோவுக்கு இருநூறு, கணக்கு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் என்று ஐந்தே ஐந்து கிலோ வாங்கினோம். உதவிக்கு இரண்டு பேர் வந்தார்கள், நல்ல வேகம், பேச்சும் சிரிப்புமாக வேலை நடந்தது. "ஏட்டி, மாவு முடிஞ்சுபோச்சு" என்று மைனி சொன்னபோது அடுக்கை எண்ணினேன். 148.

அன்றைக்கு நடந்ததைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோவில் 400 கிராம் தேய்ப்பதற்கென்று முதலிலேயே தட்டில் கொட்டியாயிற்று. பிசைந்தது 4.6 கிலோ. கிலோவுக்கு 600 மில்லி கணக்கில் 2.76 லிட்டர் தண்ணீர், உப்பும் எண்ணெயும் 100 கிராம், மொத்தம் ஏறக்குறைய 7.46 கிலோ. ஒட்டியது போக 7.4 கிலோ. அன்றைக்கு உருட்டிய உருண்டைகளை எடை போட்டதில் சராசரி 50 கிராம். 7400ஐ 50ஆல் வகுத்தால் சரியாக 148. ஒரு கிராம் மாவும் காணாமல் போகவில்லை! தெருமுனைக் கடையில் இன்னும் இரண்டு கிலோ வாங்கி, ஊறவைக்க நேரமில்லாமல் அப்படியே தேய்த்தோம், கட்டை எடுத்ததும் ரப்பர் மாதிரி சுருங்கிச் சுருங்கி வந்தது, ஒரு மணி நேரம் தாமதம், அந்த வீட்டு அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த விசேஷத்துக்கு எங்களைக் கூப்பிடவும் இல்லை.

இப்போது நாங்கள் போடுவது தலைகீழ்க் கணக்கு. சப்பாத்தியிலிருந்து தொடங்கி மாவுக்கு வர வேண்டும். 200 சப்பாத்தி, ஒவ்வொன்றும் 40 கிராம், 8000 கிராம் பிசைந்த மாவு. ஒட்டிப்போவதற்கு 100 சேர்த்தால் 8100. ஒரு கிலோ மாவு பிசைந்தபின் 1.65 கிலோ ஆகிறது என்று மேலே பார்த்தோம், அதனால் 8100ஐ 1.65ஆல் வகுத்தால் 4909 கிராம், 4.9 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்க 300 கிராம் தனியாக. ஆகமொத்தம் 5.2 கிலோ. கிழிந்தது, கருகியது, வாசலில் நின்று "ஒண்ணு குடுங்க அத்தை" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்று பத்துச் சப்பாத்தி கூடப் போட்டுக்கொண்டால் ஐந்தரைக் கிலோ வாங்கினால் போதும். தண்ணீர் 3 லிட்டர் சொச்சம், ஆனால் ஐந்து கிலோவையும் ஒரே தடவையில் கையால் பிசையாதீர்கள், நடுவில் வறண்ட மாவுக் கட்டி நின்றுவிடும். இரண்டு கிலோ, இரண்டரைக் கிலோவாகப் பிரித்துப் பிசையுங்கள்.

சரி, தண்ணி எவ்வளவு? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ஒவ்வொருவர் மாவும் ஒவ்வொன்று, அதனால் எல்லோரும் சொல்வது சரிதான். ஒரு கிலோ முழுக்கோதுமை மாவுக்குப் பெரும்பாலும் 580க்கும் 680க்கும் நடுவே வந்து நிற்கும். மைதா கலந்தால் இன்னும் கீழே போகும்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், கல் இயந்திரத்தில் நறுநறுவென்று அழுத்தி அரைபடும்போது கோதுமைக்குள் இருக்கிற மாவுச்சத்து மணிகள் கொஞ்சம் உடைகின்றன. உடைந்த மணி முழு மணியைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். தவிடும் குடிக்கும், ஆனால் மெதுவாக. கோதுமையின் புரதமும் தன் பங்குக்கு இழுத்துக்கொள்கிறது. மைதாவில் தவிடு கிடையாது, மணியும் அவ்வளவாக உடைந்திருக்காது, அதனால் அதற்கு 550 மில்லியே போதும், சில சமயம் அதுவும் அதிகம்.

உங்கள் மாவுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, மாவு புதிதாக வாங்கிய அன்று நூறு கிராமை மட்டும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். கிண்ணத்தில் 100 கிராம் மாவு, ஒரு சிட்டிகை உப்பு. 55 மில்லி தண்ணீரை விட்டுக் கிளறுங்கள். அப்புறம் காய்ச்சல் மருந்து பாட்டிலோடு வருகிற அளவு மூடி இருக்கிறதே, அதில் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விட்டுப் பிசையுங்கள். வறண்ட பொடி எதுவும் இல்லாமல் ஒன்றாகச் சேர்ந்து, கையில் லேசாக ஒட்டி, ஆனால் இழுத்தால் கையை விட்டு வந்துவிடுகிற நிலையில் நிறுத்துங்கள். மூடி இருபது நிமிஷம் வையுங்கள். பிறகு விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெதுவாகப் பாதி மேலே வந்தால் சரியான அளவு. அழுத்தவே கடினமாக இருந்து, தேய்த்தால் ஓரம் வெடித்து வெடித்து வந்தால் இன்னும் 3, 4 மில்லி வேண்டும். பள்ளம் விழுந்த இடத்திலேயே நின்று விரலோடு ஒட்டி வந்தால் அதிகம். 62 மில்லியில் சரியாக வந்தது என்றால் கிலோவுக்கு 620, முடிந்தது. அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி டப்பா மூடியில் ஒட்டிவிடுங்கள். அந்த மாவு தீரும்வரை அதுதான் அளவு.

கிலோ கணக்கில் பிசையும்போது முக்கால் பங்குத் தண்ணீரை ஒரேயடியாக விட்டு, மீதியைத் தெளித்துத் தெளித்துச் சேர்ப்பதுதான் நல்லது. விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது பாருங்கள்.

போன மாசம் 640 விட்டேன், கச்சிதமா இருந்துச்சு. அதே பாக்கெட் மாவு, இப்ப 640 விட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. ஏன்?

நீங்கள் தென்காசிப் பக்கமா? கேட்டவர் செங்கோட்டை என்றார், அப்போதே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. சாரல் காலத்தில் மாவு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதுவும் பாக்கெட்டை வெட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எவ்வளவு மாறும் என்று ஒரு கணக்கு. சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த மாவில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். சாரலில் அது பதின்மூன்று ஆகிறது. இப்போது ஒரு கிலோ மாவில் உண்மையான மாவு 900 கிராமுக்குப் பதில் 870தான், தண்ணீர் 100க்குப் பதில் 130 ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அதே பதம் வர வேண்டுமானால் நீங்கள் விடுகிற தண்ணீர் 50 மில்லிக்கு மேல் குறைய வேண்டும். 640 விட்ட இடத்தில் 585, 590. கை பழகியவர்கள் இதை யோசிக்காமலே செய்துவிடுவார்கள், அளந்து விடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வோம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரேஷன் கடையில கோதுமை வாங்கி அரைச்சா அஞ்சு கிலோவுக்கு அஞ்சு கிலோ மாவு கிடைக்குமா?

கிடைக்காது. கல், தூசி, சொத்தை பொறுக்கினால் அதில் கொஞ்சம் போகும். மில்லில் கல்லிலும் பையிலும் கொஞ்சம் தங்கும். சலித்தால் தவிடு போகும், சல்லடைக் கண்ணைப் பொறுத்துக் கிலோவுக்கு 30லிருந்து 80 கிராம் வரை. சலிக்காமல் இருந்தால் ஐந்து கிலோ கோதுமைக்கு நாலே முக்காலுக்கு மேல் கிடைக்கும், சலித்தால் நாலரையை ஒட்டி. சலிக்காத மாவு தண்ணீர் கூடக் கேட்கும், கூடவே அரை மணி நேரமாவது ஊற வேண்டும், தவிடு ஊறாமல் தேய்த்தால் அந்தத் துணுக்குகளே சப்பாத்தியைக் கிழிக்கும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கோதுமையைக் கழுவினால் நன்றாகக் காய வேண்டும், பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த மாவு கட்டிபிடித்துச் சீக்கிரமே வாடை அடிக்கும். இன்னொன்று, மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். ஒருதடவை எனக்கு முன்னால் நின்றவர் இடியாப்பத்துக்குப் பச்சரிசி அரைத்தார், அடுத்து என் கோதுமை விழுந்தது. மேலாக விழுந்த மாவெல்லாம் வெள்ளையாக இருந்தது, நான் கவனிக்கவில்லை. அந்த மாவில் சப்பாத்தி தேய்த்தால் ஓரமெல்லாம் பிளந்துகொண்டு, தண்ணீர் எவ்வளவு கூட்டினாலும் இழுபடவே இல்லை. அரிசி மாவில் இழுவை கிடையாது, அதற்குத் தண்ணீர் என்ன செய்யும்? இப்போதெல்லாம் முதல் இரண்டு கை மாவை மில்காரர் தனியாகத் தள்ளட்டும் என்று சொல்லிவிடுகிறேன், அது தோசைக்குப் போகும்.

அரைத்த மாவு சூடாக இருக்கும், பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துத் திரும்ப மாவிலேயே சொட்டும்.

தராசெல்லாம் எங்க வீட்டுல இல்ல. டம்ளர் கணக்கு சொல்லுங்க.

தண்ணீருக்கு டம்ளர் நம்பகமானது, மாவுக்கு இல்லை. 200 மில்லி டம்ளரில் மாவைத் தூவினாற்போல் நிரப்பினால் 105 கிராம் பிடிக்கும், அதே டம்ளரைத் தட்டித் தட்டி நிரப்பினால் 130 பிடிக்கும். ஆக ஒரு கிலோ என்பது எட்டு டம்ளராகவும் இருக்கலாம், ஒன்பதரையாகவும் இருக்கலாம். அதனால் ஒரு கிலோ பாக்கெட்டை முழுசாகக் கொட்டிப் பிசைவதுதான் தராசு இல்லாதவர்களுக்கு நிம்மதி. தண்ணீர் மூன்று டம்ளரும் இன்னும் நாலு டீஸ்பூனும், அது 620.

உங்கள் டம்ளர் உண்மையிலேயே 200தானா என்று ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், இரண்டரை டம்ளர் வர வேண்டும். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர், மாமியார் காலத்தது, 170தான் பிடிக்கிறது.

கொஞ்சமாகப் பிசைபவர்களுக்கு, தட்டாமல் நிரப்பிய மூன்று டம்ளர் மாவுக்கு அதே டம்ளரில் ஒன்று, கொஞ்சம் குறைத்து. எட்டுச் சப்பாத்திக்கு மேல், பன்னிரண்டு வரை வரும், அது உங்கள் கையைப் பொறுத்தது.

பிசைஞ்சு முடிச்சதும் கையெல்லாம் ஒட்டுது. இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்கலாமா?

பொறுங்கள். தவிடு இன்னும் குடித்து முடிக்கவில்லை. ஈரத்துணியோ தட்டோ போட்டு மூடி, இருபது நிமிஷம் கழித்துக் கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி மறுபடி ஒரு நிமிஷம் பிசையுங்கள். பத்தில் எட்டுத் தடவை ஒட்டல் போயிருக்கும். அப்போதும் ஒட்டினால் மட்டும் கிலோவுக்கு 30 கிராம் மாவு தூவிச் சேருங்கள். அவசரத்தில் முதலிலேயே மாவு சேர்ப்பவர்கள், அரை மணி கழித்துக் கல்லு மாதிரி ஆகிவிட்டது என்று மறுபடி தண்ணீர் தெளிப்பார்கள். அந்தத் தண்ணீர் மேலே வழவழவென்று நிற்குமே தவிர உள்ளே இறங்காது.

எங்க ஊரு திசையன்விளைப் பக்கம், போர் தண்ணி உப்பா இருக்கும். அளவு மாறுமா?

அளவு மாறாது. உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குடிக்க ஆற்றுத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் பிசைய அதையே எடுங்கள், ருசிக்காகச் சொல்கிறேன்.

சுடுதண்ணி, பால், தயிர் இதுல பிசைஞ்சா எப்படி கணக்கு?

வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் அளவு அதேதான், மாவு கொஞ்சம் சீக்கிரம் இளகும். கொதிக்கிற தண்ணீர் கதை வேறு. மாவின் ஒரு பகுதி அங்கேயே வெந்து கூழ் மாதிரி ஆகிக் கூடத் தண்ணீர் இழுக்கும், சப்பாத்தி மெதுவாக இருக்கும், ஆனால் இழுவை குறைந்து பெரிதாகத் தேய்க்க முடியாது. பாலும் தயிரும் பெரும்பங்கு தண்ணீர்தான். 100 கிராம் தயிரை 85 மில்லி தண்ணீராக எடுத்துக்கொண்டு மீதியைக் குறையுங்கள். கீரை, உருளைக்கிழங்கு சேர்ப்பவர்கள் அதை முதலில் மாவோடு உப்புப் போட்டுப் பிசறி ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு, அது விடுகிற தண்ணீரைப் பார்த்த பிறகு மேற்கொண்டு ஊற்றுங்கள். வெந்தயக்கீரைச் சப்பாத்தியில் அளந்து ஊற்றி நான் கெடுத்ததுதான் அதிகம்.

உருண்டை 40 கிராம்னு சொல்றீங்க, நான் வாங்கிட்டுப் போன சப்பாத்தியை எடை போட்டா 33தான் இருக்கு. ஏமாத்துறீங்களா?

நல்ல கேள்வி, கோபப்படவில்லை. கல்லில் போட்டதும் ஆவி போகிறதே, அது தண்ணீர். வெந்த சப்பாத்தி ஆறிலொரு பங்கு எடை குறையும், மெல்லிசாகத் தேய்த்துக் கூட நேரம் சுட்டால் ஐந்திலொரு பங்கு. 40 கிராம் உருண்டை 32லிருந்து 34க்குள் வந்தால் அது சரியாகச் சுட்ட சப்பாத்தி. 37, 38 இருந்தால் நடுவில் வேகவில்லை, பிய்த்துப் பாருங்கள், பச்சை மாவு பளபளக்கும். 30க்குக் கீழே போனால் அப்பளம்.

பிசைஞ்ச மாவு மிஞ்சிப்போச்சுன்னா நாளைக்கு வெச்சுக்கலாமா?

மேலே எண்ணெய் தடவி, மூடி இறுக்கமாகப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை இருக்கும். மறுநாள் எடுக்கும்போது நேற்றைவிடத் தளர்ந்திருக்கும், நிறமும் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். வெளியே வைக்கக் கூடாது, நம் ஊர்ச் சூட்டில் நாலு மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். மிஞ்சும் என்று முதலிலேயே தெரிந்தால், மறுநாளுக்கான பங்கைக் கிலோவுக்கு 30 மில்லி குறைத்துக் கெட்டியாகவே பிசைந்து வையுங்கள், காலையில் சரியான பதத்துக்கு வந்திருக்கும். மைனி அதற்கும் ஒருபடி மேலே போய், மிஞ்சின மாவை ராத்திரியே தேய்த்து, இரண்டு பக்கமும் லேசாக வாட்டி, ஆறவைத்து அடுக்கிவிடுவார். காலையில் கல்லில் போட்டு எடுத்தால் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு ஆயிற்று.